'முறையே' கண்ட இடத்தில் அட்டவணை: அடர்ந்த பத்தியை எப்போது உடைப்பது, எப்போது விடுவது

நிறுவனக் கையேடு, சுற்றறிக்கை, பணி ஒப்பந்தம் என்று எதை எடுத்தாலும் நடுவில் ஒரு பத்தி மூச்சுவிடாமல் நீளும். பார்த்தவுடன் யாராவது "புல்லட் போட்டுடலாமே" என்பார்கள். சில நேரம் அது சரி. சில நேரம் புல்லட் போட்ட பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கும். எந்தப் பத்திக்கு எது தேவை என்பது பத்தியின் நீளத்தைப் பார்த்தால் தெரியாது. படிப்பவர் எங்கே தடுக்கிவிழுகிறார் என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதனால் இங்கே அறிகுறியை வைத்துத்தான் போகப்போகிறோம். கையில் ஒரே ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம்: சிங்கப்பூரில் ஒரு சிறு நிறுவனத்தின் ஊழியர் கையேட்டில் வரும் மருத்துவ விடுப்புப் பகுதி. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஊழியர்கள் பலர் தமிழில் படிக்கும் பகுதி இது. உள்ளே எண்கள், நிபந்தனைகள், விதிவிலக்குகள் எல்லாம் கலந்து கிடக்கும். பழைய பாணியில் அது இப்படி இருக்கும்:

> மூன்று மாதம் பணிபுரிந்த ஊழியர் 5 நாள் வெளிநோயாளி விடுப்புக்கும் 15 நாள் மருத்துவமனை விடுப்புக்கும், நான்கு மாதம் பணிபுரிந்தவர் முறையே 8 மற்றும் 30 நாள்களுக்கும், ஐந்து மாதம் பணிபுரிந்தவர் முறையே 11 மற்றும் 45 நாள்களுக்கும், ஆறு மாதமும் அதற்கு மேலும் பணிபுரிந்தவர் முறையே 14 மற்றும் 60 நாள்களுக்கும் தகுதி பெறுவர். மருத்துவமனை விடுப்பில் வெளிநோயாளி விடுப்பும் அடங்கும் என்பதுடன், ஊழியர் பணிக்கு வராததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவித்தோ தெரிவிக்க முயன்றோ இருத்தல் வேண்டும்.

எண்கள் எல்லாம் வேலை நியமனச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவுகள். நிறுவனம் விரும்பினால் கூடுதலாகக் கொடுக்கலாம்.

## அறிகுறி: படித்து முடித்த பிறகும் "அப்ப எனக்கு எத்தனை நாள்?" என்று கேட்கிறார்கள்

காரணம் எளிது. ஒவ்வொரு ஊழியரும் இந்தப் பத்தியில் தேடுவது ஒரே ஒரு எண்ணை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க நான்கு பேருடைய கணக்கையும் படித்தாக வேண்டியிருக்கிறது. ஐந்து மாதம் ஆனவர், மூன்று மாதக்காரரின் கணக்கையும் நான்கு மாதக்காரரின் கணக்கையும் தாண்டி வந்து, '11 மற்றும் 45' என்பதில் எது எதற்கு என்று திரும்பவும் மேலே போய்ப் பார்க்க வேண்டும்.

இதை உறுதிசெய்ய ஒரு சுலபமான வழி உண்டு. பத்தியில் 'முறையே' என்ற சொல்லைத் தேடுங்கள். அந்தச் சொல் வந்தாலே, எழுதியவர் மனத்தில் வரிசையும் நெடுவரிசையும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை வாக்கியமாக மடித்து வைத்திருக்கிறார், படிப்பவர் மறுபடி பிரித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். ஒரு தடவை வந்தால் போகட்டும், இரண்டு சோடிகளை மனம் தாங்கிக்கொள்ளும். மேலே உள்ளதுபோல மூன்று தடவை வந்தால் யோசிக்கவே வேண்டாம், அட்டவணை.

'முறையே' வராத பத்திக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்: ஒரே வகைக் கேள்விக்கு ஆளுக்கு ஆள் வேறு விடை வருகிறதா? இங்கே வருகிறது. எவ்வளவு காலம் வேலை செய்தார் என்பது ஒரு பக்கம், எந்த வகை விடுப்பு என்பது இன்னொரு பக்கம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஓர் எண். அட்டவணை என்பது இதற்காகவே இருக்கிறது. இதையே புல்லட்டாகப் போட்டால் நான்கு வரிகள் வரும், ஒவ்வொன்றிலும் 'வெளிநோயாளி விடுப்பு', 'மருத்துவமனை விடுப்பு' என்று திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். புல்லட்டுகளில் ஒரே சொற்கள் வரிக்கு வரி திரும்பி வந்தால், அவை நெடுவரிசைத் தலைப்பாக வேண்டிய சொற்கள்.

| பணிபுரிந்த காலம் | வெளிநோயாளி விடுப்பு | மருத்துவமனை விடுப்பு |
|---|---|---|
| 3 மாதம் | 5 நாள் | 15 நாள் |
| 4 மாதம் | 8 நாள் | 30 நாள் |
| 5 மாதம் | 11 நாள் | 45 நாள் |
| 6 மாதமும் அதற்கு மேலும் | 14 நாள் | 60 நாள் |

மனிதவள அமைச்சின் இணையப்பக்கமும் இந்தக் கணக்கை அட்டவணையாகத்தான் காட்டுகிறது.

## அறிகுறி: அட்டவணை போட்டதும் எண்களைக் கூட்டுகிறார்கள்

இந்த அட்டவணையை மட்டும் ஒட்டி அனுப்பிப் பாருங்கள். மனிதவளப் பிரிவில் இருக்கும் அக்காவிடம் யாராவது ஒருவர் வந்து நிற்பார்: "அக்கா, பதினாலும் அறுபதும் சேத்து மொத்தம் எழுபத்துநாலு நாள்தானே?"

அவரைக் குறை சொல்ல முடியாது. பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இரண்டு எண்களை வைத்தால், இரண்டும் தனித்தனி என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். உண்மையில் 60 நாளுக்குள்ளேயே அந்த 14 நாளும் அடக்கம். ஆண்டில் எம்சி எனப்படும் மருத்துவச் சான்று காட்டி 10 நாள் வெளிநோயாளி விடுப்பு எடுத்தவர் அப்புறம் மருத்துவமனையில் சேர்ந்தால், அவருக்கு மிச்சம் இருப்பது 50 நாள்.

பழைய பத்தியில் இந்தத் தகவல் இருந்தது. 'அடங்கும் என்பதுடன்' என்று நெரிசலில் நின்றாலும் இருந்தது. அட்டவணை போடும்போது இந்த மாதிரி வாக்கியங்கள்தான் முதலில் உதிர்ந்துபோகும், ஏனென்றால் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. கட்டத்துக்குள் ஒரு மதிப்பை வைக்கலாம். இரண்டு கட்டங்களுக்கு இடையே என்ன உறவு என்பதைக் கட்டத்துக்குள் வைக்க முடியாது. அதற்கு வாக்கியம்தான் வேண்டும்.

எனவே அட்டவணை போட்டவுடன் பழைய பத்தியை எடுத்து, அட்டவணைக்குள் போன ஒவ்வொரு சொல்லையும் அடித்துக்கொண்டே வாருங்கள். அடிபடாமல் மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். இங்கே இரண்டு மிஞ்சும்: அடங்கும் என்ற செய்தி, 48 மணி நேர நிபந்தனை. இரண்டும் அட்டவணைக்கு வெளியே முழு வாக்கியமாக வர வேண்டும். எங்கே வைப்பது? அடிக்குறிப்பாக நட்சத்திரக் குறி போட்டுச் சின்ன எழுத்தில் வைப்பது பலருக்கு வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. எண்ணைத் தவறாகப் படிக்க வைக்கும் விஷயம் என்றால் அட்டவணைக்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்:

> மருத்துவமனை விடுப்பு நாள்களில் வெளிநோயாளி விடுப்பும் அடக்கம். ஆறு மாதம் முடித்தவருக்கு ஆண்டுக்கு மொத்தம் 60 நாள்தான். அதில் 14 நாள் வரை வெளிநோயாளி விடுப்பாக எடுக்கலாம்.

இதைப் படித்துவிட்டு அட்டவணைக்கு வருபவர் கூட்ட மாட்டார்.

## அறிகுறி: வரம்பில் நிற்பவர் எந்த வரி என்று தெரியாமல் திணறுகிறார்

அட்டவணையைச் சோதிக்க வரம்பில் நிற்கும் ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜனவரி 5 வேலைக்குச் சேர்ந்தவர், மே 20 காய்ச்சலில் படுக்கிறார். நாலரை மாதம். '4 மாதம்' வரியா, '5 மாதம்' வரியா? இதை இந்தத் துறை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, எதுவும் விளக்காமல் விடை கேளுங்கள். அவர் அட்டவணையைப் பார்த்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால், வரித் தலைப்பு சரியில்லை.

பத்தியில் 'நான்கு மாதம் பணிபுரிந்தவர்' என்று வினையோடு வந்ததால், முடித்த மாதம் என்பது ஓரளவு புரிந்தது. கட்டத்துக்குள் சுருக்கும்போது 'பணிபுரிந்தவர்' போய் '4 மாதம்' மட்டும் நின்றுவிட்டது. முதல் மூன்று வரிகளின் தலைப்பை '3 மாதம் முடித்தவர்', '4 மாதம் முடித்தவர்', '5 மாதம் முடித்தவர்' என்று மாற்றினால் போதும். மே 5 அன்று நான்கு மாதம் முடிந்துவிட்டது, ஐந்தாவது முடியவில்லை. ஆகவே 8 நாள்.

இதே தொல்லை பணிவிலகல் முன்னறிவிப்புக் காலத்தில் இன்னும் மோசமாக வரும். ஒப்பந்தத்தில் வேறு காலம் சொல்லாவிட்டால் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 1 நாள், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 4 வாரம். இதை '2–5 ஆண்டு', '5 ஆண்டுக்கு மேல்' என்று கட்டத்துக்காகச் சுருக்கினால், சரியாக ஐந்து ஆண்டு முடித்தவர் எந்தப் பக்கம்? சட்டப்படி அவர் 4 வாரத்தில் வருகிறார், உங்கள் அட்டவணைப்படி இரண்டு வாரத்தில் நிற்கிறார். கட்டம் சின்னதாக இருக்கிறதே என்று 'குறைவாக', 'முதல்', 'அதற்கு மேலும்' போன்ற சொற்களை வெட்டாதீர்கள். கட்டத்தை அகலமாக்குங்கள்.

## அறிகுறி: புல்லட் போட்டதும் "எல்லாமே வேணுமா, ஒண்ணு இருந்தா போதுமா?" என்கிறார்கள்

சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு கிடைக்க நிபந்தனைகள் உண்டு. குறைந்தது மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பணிக்கு வராததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். பதிவுபெற்ற மருத்துவரோ பல் மருத்துவரோ சான்று தந்திருக்க வேண்டும். மூன்று நிபந்தனைகள், ஒன்றையொன்று சாராதவை, எந்த வரிசையில் சொன்னாலும் பொருள் மாறாது. புல்லட்டுக்கு நல்ல பொருத்தம். ஆனால் வழக்கமாக இப்படிப் போடுகிறார்கள்:

> ஊழியர் பின்வருவனவற்றைக் கொண்டிருத்தல்:
> - மூன்று மாதப் பணி
> - 48 மணி நேரத்தில் தெரிவித்தல்
> - மருத்துவச் சான்று

இதில் இரண்டு பிழைகள். முதலாவது, 'எல்லாம்' என்றோ 'ஏதேனும் ஒன்று' என்றோ சொல்லவில்லை. பத்தியில் 'மற்றும்', 'அல்லது', '-உம்', '-ஓ' ஆகியவை செய்த வேலையைப் புள்ளி செய்யாது. சட்டம் எழுதுபவர்கள் (அ), (ஆ), (இ) என்று பிரித்தாலும், கடைசிக்கு முந்தைய வரியின் முடிவில் 'மற்றும்' அல்லது 'அல்லது' போடத் தவறுவதில்லை. சாதாரணக் கையேட்டுக்கு அது கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். தலைவரியிலேயே எண்ணிக்கையோடு சொல்லிவிட்டால் போதும்.

இரண்டாவது பிழை நம் வாக்கிய அமைப்பிலிருந்து வருகிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் நிற்கும். ஆங்கிலக் கையேட்டில் தலைவரியில் பாதி வாக்கியத்தை வைத்துப் புல்லட்டில் மீதியை முடிக்கலாம். வினை முன்னாலேயே வந்துவிடும். அதை அப்படியே பார்த்துத் தமிழில் போட்டால் தலைவரி அந்தரத்தில் தொங்கும், புல்லட்டுகள் 'தெரிவித்தல்' என்று தொழிற்பெயராகி நிற்கும். யார் தெரிவிப்பது, எப்போது என்பதெல்லாம் ஆவியாகிவிடும். மேலே கவனியுங்கள்: 'தெரிவிக்க முயன்றாலும் போதும்' என்ற சலுகையே காணாமல் போயிற்று. நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருந்துகொண்டு மேற்பார்வையாளருக்கு இரண்டு தடவை போன் அடித்தும் கிடைக்காதவருக்கு அந்தச் சலுகைதான் முக்கியம்.

தலைவரியை முழு வாக்கியமாக முடித்துவிடுங்கள். ஒவ்வொரு புல்லட்டும் தனக்கென ஒரு வினைமுற்றோடு நிற்கட்டும்:

> கீழுள்ள மூன்றும் பொருந்தினால் மருத்துவ விடுப்புக்குச் சம்பளம் உண்டு.
> - நீங்கள் இங்கே குறைந்தது 3 மாதம் வேலை செய்திருக்க வேண்டும்.
> - வேலைக்கு வராததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்க முயன்றிருந்தாலும் போதும்.
> - பதிவுபெற்ற மருத்துவர் அல்லது பல் மருத்துவர் தந்த எம்சி இருக்க வேண்டும்.

கொஞ்சம் நீளம்தான். இருந்தாலும் யாரும் வந்து "எல்லாமா?" என்று கேட்க வேண்டியதில்லை.

சின்னதாக ஒன்று. இதே கையேட்டில் 'உடம்பு சரியில்லை என்றால் செய்ய வேண்டியவை' என்று மேற்பார்வையாளருக்கு அழைப்பது, மருத்துவரைப் பார்ப்பது, எம்சியைப் படமெடுத்து அனுப்புவது என வரிசையாக வந்தால், அதற்குப் புள்ளி வேண்டாம், எண் போடுங்கள்.

## அறிகுறி: புல்லட் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் தகராறு வருகிறது

இதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமான வகை, ஏனென்றால் பக்கம் பார்க்க அழகாக இருக்கும். கையேட்டில் ஒரே நீண்ட வாக்கியமாக இருந்த, எந்தக் கிளினிக்குக்குப் போகலாம் என்ற விதியை எடுத்துக்கொள்வோம். புல்லட்டில் இப்படி ஆகும்:

> - பதிவுபெற்ற எந்த மருத்துவரின் எம்சியும் ஏற்கப்படும்.
> - ஆலோசனைக் கட்டணத்தை நிறுவனம் ஏற்கும்.
> - பொது மருத்துவ நிலையம் அல்லது நிறுவனம் நியமித்த மருத்துவர்.
> - மருந்துச் செலவு ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

வீட்டுக்குப் பக்கத்தில் தனியார் கிளினிக்குக்குப் போன ஒருவர் முதல் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு ரசீதோடு வருவார். கணக்காளர் மூன்றாவது வரியைக் காட்டுவார். இரண்டு பேருமே சரியாகத்தான் படித்திருக்கிறார்கள். மூன்றாவது வரி முதல் வரியைக் கட்டுப்படுத்துகிறதா, இரண்டாவதையா என்று எங்கேயும் எழுதவில்லை.

கண்டறிய வழி: புல்லட்டுகளை இடம் மாற்றிப் பாருங்கள். மேலே வந்த மூன்று நிபந்தனைகளை எப்படிக் கலைத்தாலும் பொருள் அப்படியே இருந்தது. இங்கே மூன்றாவதை முதலாவதாக்கினால், எம்சியே பொது நிலையத்தில்தான் வாங்க வேண்டும் என்றாகிவிடுகிறது. இடம் மாற்றினால் பொருள் மாறுகிறது, ஆனால் அவை செய்யவேண்டிய படிகளும் இல்லை என்றால், அது பட்டியலே இல்லை. அது ஒரு வாதம். 'ஆனால்', 'மட்டுமே', 'ஆகவே' என்ற சொற்களால் கோத்திருந்ததைப் புள்ளி அறுத்துவிட்டது. மீண்டும் பத்தியாக்குங்கள்:

> பதிவுபெற்ற எந்த மருத்துவர் எம்சி தந்தாலும் உங்கள் விடுப்புக்குச் சம்பளம் உண்டு. ஆனால் மருத்துவரைப் பார்க்கும் கட்டணத்தை நிறுவனம் ஏற்பது, அந்த எம்சி பலதுறை மருந்தகம், அரசாங்க மருத்துவமனை போன்ற பொது மருத்துவ நிலையத்திலோ நிறுவனம் நியமித்த மருத்துவரிடமோ பெற்றதாக இருந்தால் மட்டுமே. ஆகவே வேறொரு தனியார் கிளினிக்குக்குப் போனால் எம்சி செல்லும், கட்டணம் உங்களுடையது. மருந்து, சிகிச்சைச் செலவு உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளபடி.

நான்கு வாக்கியம். அடர்த்தி என்று சொல்ல எதுவும் இல்லை. முதலில் இருந்த பத்தி கனமாகத் தெரிந்ததற்குக் காரணம், அது பத்தியாக இருந்ததல்ல. ஒரே வாக்கியமாக இருந்தது. பல நேரம் புல்லட் கேட்கிறவர்களுக்கு உண்மையில் வேண்டியது முற்றுப்புள்ளிதான். 'என்பதுடன்', 'எனினும்', 'இருப்பினும்' என்று கொக்கி போட்டு நீட்டியதை அந்தந்த இடத்தில் முடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் கனமாக இருந்தால் புல்லட்டைப் பற்றி யோசிக்கலாம்.

காரணம் சொல்லும் இடங்கள் எல்லாம் இந்த வகைதான்: விடுப்பு மறுத்துக் கடிதம் எழுதுவது, எச்சரிக்கைக் கடிதம், ஊழியரின் புகாருக்குப் பதில். எச்சரிக்கைக் கடிதத்தைப் புல்லட்டில் பார்த்திருக்கிறேன். குற்றச்சாட்டு ஒரு புள்ளி, விதி ஒரு புள்ளி, தண்டனை ஒரு புள்ளி. எது எதனால் என்று அதை வாங்கியவருக்குத் தெரியாது, மேல்முறையீட்டில் விளக்க வேண்டியவருக்கும் தெரியாது.

## அறிகுறி: அட்டவணைக் கட்டங்களுக்குள் வாக்கியங்கள் பிதுங்குகின்றன

ஒரு நெடுவரிசையில் எண்கள், பக்கத்து 'குறிப்பு' நெடுவரிசையில் ஐந்தாறு வரி வாக்கியம், மற்ற கட்டங்களில் 'பொருந்தாது' அல்லது வெறும் கோடு. விதிவிலக்குகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அட்டவணைக்குள் திணித்ததன் விளைவு இது. 'குறிப்பு' நெடுவரிசையை வெளியே எடுத்து, அட்டவணைக்குக் கீழே வாக்கியங்களாக எழுதுங்கள். பாதிக்கு மேல் கட்டங்கள் காலியாக இருந்தால் ஒப்பிட ஒன்றுமில்லை, அட்டவணையையே எடுத்துவிடலாம். இரண்டே வரி உள்ள அட்டவணையும் பெரும்பாலும் ஒரு வாக்கியம்தான்.

## அறிகுறி: கணினியில் சரியாக இருக்கிறது, கைப்பேசியில் குழம்புகிறது

கையேட்டை அச்சில் படிப்பவர் இன்று குறைவு. மனிதவளப் பிரிவிலிருந்து பிடிஎஃப் போகும். தங்குவிடுதியில் இருக்கும் ஒருவர் அதிலிருந்து தேவையான பகுதியை மட்டும் நகலெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அங்கே அட்டவணையின் கோடுகள் போய், '4 மாதம் 8 நாள் 30 நாள்' என்று எண்கள் ஒரே வரியில் ஓடும். எந்த 8, எந்த 30 என்று மறுபடியும் 'முறையே' காலத்துக்கே திரும்பிவிடுவோம்.

மூன்று நெடுவரிசைக்கு மேல் போகாதீர்கள். குறுக்கே வைத்த கைப்பேசியில்கூட நான்காவது மறைந்துவிடலாம். வாட்ஸ்அப்பில் போகும் என்று தெரிந்தால் அட்டவணையைப் படமாகவும் சேர்த்து அனுப்புங்கள். படத்தை அனுப்ப முடியாத இடத்தில், அந்தக் குழுவில் இருப்பவர்கள் எல்லாருமே ஆறு மாதம் தாண்டியவர்கள் என்றால், அவர்களுக்கு அட்டவணையே வேண்டாம்: 'உங்களுக்கு ஆண்டுக்கு மொத்தம் 60 நாள், அதில் 14 நாள் வரை சாதாரண எம்சி' என்ற ஒரு வாக்கியம் போதும்.

## அறிகுறி: "அஞ்சாவது புள்ளியில சொல்லியிருக்கே" என்று ஆளுக்கு ஒரு புள்ளியைக் காட்டுகிறார்கள்

கையேட்டில் ஒரு விதியைச் சுட்டிக் கடிதம் எழுத வேண்டிவரும். புள்ளிக்குப் பெயர் கிடையாது. 'பிரிவு 7, மேலிருந்து மூன்றாவது புள்ளி' என்று எழுதினால், அடுத்த திருத்தத்தில் ஒரு வரி சேர்ந்தவுடன் அது நான்காவதாகிவிடும். பின்னால் சுட்டப்படக்கூடிய எந்தப் பட்டியலுக்கும் 7(அ), 7(ஆ) என்று எழுத்துக் குறி போடுங்கள். திருத்தும்போது புதியதைக் கடைசியில் சேருங்கள். எதையாவது நீக்கினால் 7(ஆ) என்ற இடத்தில் 'நீக்கப்பட்டது' என்று எழுதி வையுங்கள், கீழே உள்ளதை மேலே ஏற்றாதீர்கள். இல்லையென்றால் போன வருடக் கடிதத்தில் இருக்கும் 7(ஆ) வேறு ஒரு விதியைக் காட்டும்.